உஷார்! கிளினிக் நம்பரை கூகுளில் தேடாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்துச் சின்ன கிளினிக்குகளுக்குப் போய்வருகிறவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் டாக்டர் பார்க்கும் நேரம் மாறியிருந்தாலோ, இனிமேல் டோக்கன் போனில்தான் என்று கதவில் தாள் ஒட்டியிருந்தாலோ, அடுத்த சில வாரங்கள் உங்கள் வங்கிக் கணக்குக்கு ஆபத்தான காலம். டாக்டர் மேல் தப்பு எதுவும் இல்லை. கூட்டத்தைச் சமாளிக்க அவர் ஒரு ஏற்பாடு செய்கிறார். ஆனால் ஏற்பாடு மாறிய நாளுக்கும், அது நோயாளிகள் எல்லோர் காதுக்கும் போய்ச் சேரும் நாளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. மோசடிக்காரனுக்கு அந்த இடைவெளி போதும்.

நம் ஊர்களில் கிளினிக் என்றால் பெரும்பாலும் சாயங்காலம்தான். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை விட்டு, வீட்டுக்குப் போய் முகம் கழுவிவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு வசதியாக டாக்டரும் இரவு வரை உட்கார்ந்திருப்பார். நாலு மணிக்கே வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பி நோட்டில் பெயர் எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. ரம்ஜான் மாதத்தில் நேரம் மாறும், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இருக்கும், வேலூரிலிருந்து வரும் ஸ்பெஷலிஸ்ட் வாரத்தில் சில நாட்கள் மட்டும் பார்ப்பார். இதையெல்லாம் யாரும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கம்பவுண்டரைக் கேட்டால் சொல்வார். அவருக்கு நம் முகம் தெரியும், நமக்கு அவர் முகம் தெரியும். அந்தப் பழைய நோட்டின் பாதுகாப்பு அத்தனையும் இந்த முகப் பழக்கத்தில்தான் இருந்தது. போன் டோக்கன் வந்தவுடன் முகம் போய்விட்டது, ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. அந்தக் குரல் கிளினிக்கிலிருந்துதான் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்ள நமக்கு இன்னும் பழக்கமில்லை.

சரி, புது நம்பர் தெரியவில்லை. என்ன செய்வோம்? போனை எடுத்து கிளினிக் பெயரையும் ஊர்ப் பெயரையும் கூகுளில் போடுவோம். மேலே வரும் நம்பரைத் தொட்டால் மணி அடிக்கும். இங்கேதான் தவறு தொடங்குகிறது.

கூகுள் மேப்பில் ஒரு கடையின் போன் நம்பரையும் திறக்கும் நேரத்தையும் அந்தக் கடைக்காரர்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தப் பக்கத்தில் `Suggest an edit` என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டு யார் வேண்டுமானாலும் நம்பரையும் நேரத்தையும் திருத்தச் சொல்லலாம். பொதுமக்கள் உதவியோடு விவரம் சரியாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் வைத்த வசதி அது. கூகுள் அதைச் சோதித்துத்தான் ஏற்கிறது என்றாலும், பொய்த் திருத்தங்களும் நுழைந்துவிடுகின்றன. உரிமையாளர் தன்னுடையது என்று பதிவு செய்துகொள்ளாத பக்கமாக இருந்தால், நம்பர் மாறியதை உடனே கவனிக்கக்கூட ஆள் இருக்காது. ஒரு டாக்டரும் ஒரு சிஸ்டரும் மட்டும் இருக்கும் கிளினிக்கில் இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

இது வெறும் பயம் காட்டல் இல்லை. 2018-இல் மகாராஷ்டிரத்தில் இது வெட்டவெளிச்சமானது. தானே பகுதியில் சிலர், கூகுள் மேப்பில் பேங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் போன் நம்பரை அழித்துவிட்டுத் தங்கள் நம்பரைப் போட்டு வைத்தார்கள். வங்கிக்குப் போன் போடுகிறோம் என்று நம்பியவர்கள் திருடனுக்கே போன் போட்டுக் கார்டு விவரத்தைச் சொன்னார்கள். வங்கி, மாநில சைபர் போலீசிடம் புகார் செய்தது. ஒரு பெரிய பொதுத்துறை வங்கிக்கே இதுதான் நடந்தது என்றால், பஜார் தெருவில் மெடிக்கல் ஷாப் மாடியில் இருக்கும் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். மேப் மட்டுமல்ல, தேடினால் மேலே வரும் விளம்பரங்களும், டாக்டர் பெயர்களை வரிசையாகப் போட்டு யாரோ நடத்தும் இணையப் பக்கங்களும் இதே அளவுக்கு நம்பத்தகாதவை.

இனி மோசடி எப்படி நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கீழே வருவது ஒரு தனி ஆளுக்கு நடந்த கதை அல்ல. நம் ஊருக்குப் பொருத்தி, இந்த மோசடி நகரும் வரிசையைக் காட்டுவதற்காகச் சொல்வது.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை இன்னும் இரண்டு நாளைக்குத்தான் இருக்கிறது. வழக்கம்போல இரவு எட்டு மணிக்கு அம்மாவைக் கூட்டிப் போனால் கிளினிக் பூட்டியிருக்கிறது. இனி மாலை 4 முதல் 7 வரைதான், டோக்கன் போனில் மட்டும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். கதவில் ஒட்டிய தாளை மழை நனைத்து, நம்பர் சரியாகத் தெரியவில்லை. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கூகுளில் தேடி ஒரு நம்பருக்குப் போடுகிறார். யாரும் எடுக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் வேறு நம்பரிலிருந்து திரும்ப அழைப்பு வருகிறது.

“கிளினிக்குலேருந்து பேசறோம் மேடம். பேஷன்ட் பேரு சொல்லுங்க. இன்னிக்கு ஃபுல், நாளைக்கு ரெண்டு டோக்கன்தான் இருக்கு. கன்ஃபார்ம் பண்ண பத்து ரூபா கட்டணும், லிங்க் அனுப்பறேன்.”

பத்து ரூபாய்தானே என்று தோன்றும். மோசடிக்காரனும் அதற்காகத்தான் பத்து ரூபாய் கேட்கிறான். அவனுக்கு வேண்டியது அந்தப் பணம் இல்லை. லிங்கைத் திறந்தால் ஒரு படிவம். பெயர், வயது, என்ன நோய், செல் நம்பர் வரை ஒரு கிளினிக் கேட்கக்கூடியதுதான். அதற்குக் கீழே வங்கியின் பெயர், டெபிட் கார்டின் கடைசி ஆறு எண், கார்டு முடியும் மாதமும் வருடமும் என்று கேட்கும். அதையும் நிரப்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். எழுத்தும் எண்ணும் கலந்து அர்த்தமில்லாத ஒரு நீளமான வரி. “இதை அப்படியே காப்பி பண்ணி இந்த நம்பருக்கு எஸ்.எம்.எஸ். போடுங்க மேடம், அப்பதான் டோக்கன் விழும்.” அவர் போடுகிறார். பிறகு ஓர் ஓ.டி.பி. வருகிறது, அதையும் கேட்கிறார்கள், சொல்கிறார். “டோக்கன் நம்பர் 14, அஞ்சே முக்காலுக்கு வந்துடுங்க” என்று போன் வைக்கப்படுகிறது.

அந்த அர்த்தமில்லாத வரி என்ன என்று தெரிந்துகொண்டால் இந்த மோசடியின் பாதி உயிர் போய்விடும். புதுப் போனில் நீங்கள் யு.பி.ஐ. ஆப் போடும்போது, அந்த ஆப் உங்கள் சிம்மிலிருந்து தானாக ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது எந்தச் செல் நம்பரிலிருந்து வருகிறதோ, அந்த நம்பரோடு இணைந்த வங்கிக் கணக்கு இந்தப் போனுக்குச் சொந்தம் என்று யு.பி.ஐ. ஏற்பாடு புரிந்துகொள்கிறது. மோசடிக்காரன் தன் போனில் ஆப்பைத் திறந்து, அது அனுப்ப வேண்டிய அந்த வரியை எடுத்து உங்களுக்குத் தருகிறான். நீங்கள் உங்கள் சிம்மிலிருந்து அனுப்பிவிட்டால், அவன் கையில் இருக்கும் போன் உங்கள் போன் என்று பதிவாகிவிடுகிறது. அடுத்து வேண்டியது பின் நம்பர். பழைய பின் தெரியாவிட்டாலும் புதிதாக வைக்கலாம். பல வங்கிகளில் அதற்குக் கார்டின் கடைசி ஆறு எண், முடியும் மாதம் வருடம், ஓர் ஓ.டி.பி. ஆகிய மூன்றும் போதும். மூன்றையும் அந்தப் பெண் கொடுத்தாயிற்று.

ஆகவே எந்தக் காரணம் சொன்னாலும், புரியாத எழுத்துக் கோவையை உங்கள் போனிலிருந்து யாருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பாதீர்கள். டோக்கன் போடும் எந்த ஏற்பாட்டுக்கும் அது தேவையில்லை. நீங்கள் புது ஆப் எதுவும் போடாதபோது, யு.பி.ஐ. பதிவு நடந்தது என்றோ பின் மாற்றப்பட்டது என்றோ வங்கியிலிருந்து செய்தி வந்தால் அதைக் கடந்து போகாதீர்கள். திருட்டு தொடங்கிவிட்டதற்கு அதுதான் முதல் அடையாளம். புதுப் போனில் யு.பி.ஐ. பதிவான முதல் 24 மணி நேரத்துக்குப் பல வங்கிகள் ஐயாயிரம் ரூபாய் போல ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. முதல் நாள் சின்னத் தொகை போய், மறுநாள் சம்பளம் மொத்தமும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் நாளே விழித்துக்கொண்டால் மீதியைக் காப்பாற்ற முடியும்.

இன்னொரு வழி இதைவிடச் சுருக்கமானது. லிங்குக்குப் பதில் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். கிளினிக் பெயரோ `Appointment` என்ற சொல்லோ இருக்கும், கடைசியில் `.apk` என்று முடியும். அது ஓர் ஆப். ப்ளே ஸ்டோர் வழியாக வராமல் நேரடியாக உங்கள் போனில் ஏறப் பார்க்கிறது. திறந்தால் தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், அனுமதிக்கலாமா என்று போனே எச்சரிக்கும். ஆமாம் என்றால் அடுத்து எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் அப்புறம் ஓ.டி.பி.யை உங்களிடம் கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. “ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்” என்று தைரியமாக இருக்கிறவர்களும் இதில்தான் விழுகிறார்கள். வீட்டில் பிள்ளைகள் கையில் போன் இருக்கும்போது இது வந்தால் இன்னும் ஆபத்து. `.apk` என்று முடியும் எதையும் தொடக் கூடாது என்று அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

உண்மையான கிளினிக் என்ன கேட்கும்? பெயர், வயது, ஊர், செல் நம்பர், முன்பே வந்தவரா புதியவரா. அவ்வளவுதான். உங்கள் வங்கி எது என்று தெரிந்துகொள்ள ஒரு டாக்டருக்கு எந்தத் தேவையும் இல்லை. சில கிளினிக்குகள் ஃபீஸை முன்னதாக வாங்கலாம், அதில் தவறில்லை. அப்படிக் கேட்டால் நேரில் வந்து தருகிறேன் என்று சொல்லுங்கள். கிளினிக்கில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையில் கட்டுவதாக இருந்தாலும், ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரைப் படித்த பிறகே பின் போடுங்கள். டாக்டர் பெயரோ கிளினிக் பெயரோ இல்லாமல் வேறு யார் பெயராவது வந்தால் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உண்மையான அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு இந்தக் குழப்பமே வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் சரி, உங்கள் ஊர் அரசு மருத்துவமனையானாலும் சரி, வெளிநோயாளி சீட்டுக்குப் பணம் கிடையாது. இ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் டோக்கனுக்குக் காசு வாங்குவதில்லை. இவற்றின் பெயரைச் சொல்லி யாராவது போனில் பத்து ரூபாய் கேட்டால் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேச வேண்டாம். சி.எம்.சி. விஷயம் வேறு. அங்கே முன்பதிவு இணையத்திலேயே நடக்கிறது, பணமும் அங்கேயே கட்டலாம். வெளி மாநிலங்களிலிருந்து வந்து வேலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களைத் தெருவெல்லாம் பார்க்கலாம். அவசரமும் மொழி தெரியாத தவிப்பும் சேர்ந்தவர்களை ஏமாற்றுவது சுலபம். பெரிய ஆஸ்பத்திரி எதுவானாலும், அதன் இணைய முகவரியை ஆஸ்பத்திரி கார்டிலோ பலகையிலோ பார்த்து நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இன்னொருவர் அனுப்பும் லிங்கில் போகாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று வரும் இடைத்தரகரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

நேரம் மாறியதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. அது பணத்தைவிடப் பெரியது. இரவு ஒன்பது மணிக்கும் டாக்டர் இருப்பார் என்ற பழைய நினைப்பில், அவசரமான நோயாளியை முதலில் அந்தக் கிளினிக்குக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பூட்டிய கதவு முன்னால் நின்று நம்பர் தேடிக்கொண்டிருக்க முடியாத நேரங்கள் உண்டு. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், வாய் கோணிப் பேச்சுக் குழறுவது, வலிப்பு, இவை எதற்கும் டோக்கன் வேண்டாம், 108 போடுங்கள். டேனரியில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்: கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கினால் பின்னாலேயே இன்னொருவர் இறங்கக் கூடாது. தீயணைப்புத் துறையையும் 108-ஐயும் அழைக்க வேண்டும். முடி உதிர்க்கப் போடும் சுண்ணாம்போ சல்ஃபைடோ கண்ணில் தெறித்தால் உடனே சுத்தமான தண்ணீரில் விடாமல் குறைந்தது கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த டாக்டர் எத்தனை மணி வரை என்று யோசிக்க அங்கே நேரமில்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் அந்த நிமிடமே 1930-க்குப் போடுங்கள். அது நாடு முழுவதற்குமான சைபர் மோசடிப் புகார் எண். பணம் நம் கணக்கிலிருந்து ஒரு கணக்குக்குப் போய், அங்கிருந்து இரண்டு மூன்றாகப் பிரிந்து, கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுக்கப்படும். அதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் வழியில் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்கிவைக்க முடியும், எடுத்த பிறகு முடியாது. போன் போடும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் வங்கியும் கணக்கு எண்ணும், போன தொகை, நேரம், யு.பி.ஐ. பரிவர்த்தனைக்குரிய 12 இலக்க எண், உங்களிடம் பேசியவன் நம்பர். லைன் கிடைக்காவிட்டால் `cybercrime.gov.in` தளத்தில் பதியலாம். `.apk` கோப்பைத் திறந்திருந்தால் முதலில் அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து இதையெல்லாம் செய்யுங்கள்.

அதோடு வங்கிக்கும் சொல்லியாக வேண்டும், அதையும் தள்ளிப்போடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே பின், ஓ.டி.பி. போன்றவற்றைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் நஷ்டம் வங்கியுடையது. ராத்திரி எட்டு மணிக்குத் தெரிவித்தவருக்கும், காலையில் கிளை திறக்கட்டும் என்று காத்திருந்தவருக்கும் நடுவே ஒரு மாதச் சம்பளம் போய்விடலாம். டெபிட் கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்குப் போட்டுக் கார்டையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வங்கி நம்பரையும் கூகுளில் தேட வேண்டாம்.

கிளினிக் நடத்தும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் நீங்கள் ஒட்டிய தாளைப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் எல்லோராலும் படிக்க முடியாது. நேரத்தை மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சீட்டு எழுதும்போது புது நேரத்தையும் நம்பரையும் அதில் முத்திரை குத்திக் கொடுங்கள். மாத்திரைக் கவரிலும் குத்துங்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வருகிறவர்கள் அந்தக் கவரைத்தான் மாதம் முழுவதும் கையில் வைத்திருப்பார்கள். தமிழோடு உருதுவிலும் பலகை வையுங்கள். பக்கத்து மெடிக்கல் ஷாப்பிலும் லேபிலும் சொல்லி வையுங்கள். “டோக்கனுக்குப் போனில் பணம் கேட்க மாட்டோம்” என்ற வரி அந்தப் பலகையில் நம்பரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கூகுள் மேப்பில் உங்கள் கிளினிக் பக்கத்தை நீங்களே உரிமை கோரிப் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்குக் காசு இல்லை. வாரம் ஒரு தடவை அதில் இருக்கும் நம்பரைப் பார்க்கும் வேலையை சிஸ்டரிடம் கொடுங்கள்.

போன் போடத் தெரியாதவர்களுக்காகத் தினமும் நாலைந்து டோக்கன்களை நேரில் வருகிறவர்களுக்கு ஒதுக்கினால் இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் வயதானவர்கள் கூகுள் பக்கமே போக மாட்டார்கள்.

கிளினிக் நம்பரை மாற்றினாலும் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்தால் பிரீபெய்ட் இணைப்பு துண்டிக்கப்படலாம். துண்டித்த பின் குறைந்தது 90 நாள் கழித்து அந்த நம்பர் வேறொருவருக்குப் போகலாம். பத்து வருடமாக நீங்கள் எழுதிய சீட்டுகளிலெல்லாம் அச்சாகியிருக்கும் நம்பர் அது. இன்னும் ஒரு வருடத்துக்காவது ரீசார்ஜ் செய்து கிளினிக் மேஜையிலேயே வைத்திருங்கள், யார் கூப்பிட்டாலும் எடுத்துப் புது நம்பரைச் சொல்லுங்கள்.